கக்கத்துத் துண்டு

கொக்கி மாட்டவில்லை. மேல் கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. வலுவில் இழுத்து மாட்டினால் கை தூக்க முடியவில்லை. இராத்திரி எட்டரை மணிக்கு மகாவை அவள் அம்மாவும் பெரிய அத்தையும் சண்முகத்தாய் வீட்டுத் திண்ணைக்குக் கூட்டி வந்தபோது, அந்தப் பிள்ளை ஒரு பேச்சும் பேசவில்லை. பேச்செல்லாம் அத்தைதான்.

"மூணு மாசமா வீட்டுல உக்காந்து தின்னா இப்படித்தான். மத்தியானமே சொல்லிட்டேன், நாளைக்குத் தாலி ஏறுத வரைக்கும் பாலு மட்டும் குடின்னு."

முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். மண்டபம் அம்பாசமுத்திரத்தில். கல்லிடைக்குறிச்சியில் அந்த நேரத்துக்குக் கதவைத் தட்டக்கூடிய தையல்காரி இவள் ஒருத்திதான்.

ரவிக்கை சென்னையில் தைத்தது. இலைப்பச்சைப் பட்டு, முழங்கை வரை கை, கையைச் சுற்றிலும் முதுகிலும் ஆரி வேலை: ஜரிகைச் சங்கிலித் தையல், குழாய்மணி, இடையிடையே முத்து. முதுகுக் கயிற்றின் நுனியில் பஞ்சு அடைத்து உருட்டிய இரண்டு பெரிய பட்டுக் குஞ்சங்கள். கூலி மட்டும் ஒன்பதாயிரம் என்று அத்தை இரண்டு தரம் சொன்னாள்.

"அளவுச் சீட்டு இருக்கா?"

மகா போனில் காட்டினாள். மார்பு 36, இடுப்பு 30, கைச்சுற்று 11½. சண்முகத்தாய் அவளை நிற்க வைத்து டேப்பைப் போட்டாள். மார்பு 36. மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, மறுபடி பார்த்தாள். 36தான். கை 11½. பிறகு ரவிக்கையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, பலகையில் நீவி, தையலிலிருந்து தையலுக்கு அளந்தாள்.

"முப்பத்தினாலரை. கை பத்தரைக்கு நூலளவு கூட."

"அப்போ வெயிட்டு போட்டுட்டா."

"பிள்ள அப்படியேதான் இருக்கா மதினி. சட்டைதான் சுருங்கியிருக்கு."

இது அடிக்கடி நடக்கிற கோளாறு. கட்டையில் துணியை இறுக்கிக் கட்டி ஆரி போடும்போது ஒவ்வொரு சங்கிலியும் துணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. கட்டையிலிருந்து அவிழ்த்ததும் துணி உள்வாங்கும். நெருக்கமான வேலை என்றால் கையில் மட்டும் அரை இஞ்சு போய்விடும். அதற்கு மேல் கனமான லைனிங், பஞ்சுக் கப் எல்லாம் சேர்ந்து உட்புற இடத்தைத் தின்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் வேலை முடிந்த துணியின் மேல் மறுபடி அளவு போட்டுத்தான் வெட்டுவார்கள். இவர்கள் முதலில் வரைந்த கோட்டிலேயே வெட்டியிருக்கிறார்கள்.

அத்தை ஒன்றும் சொல்லாமல் குஞ்சத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சண்முகத்தாய் பக்கத் தையலைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே விட்டிருந்தது அரை இஞ்சு. அவள் வெட்டியிருந்தால் ஒன்றரை விட்டிருப்பாள். கணக்கு இப்படி வந்தது: பக்கத்துக்கு இரண்டாக நாலு ஓரம், ஒவ்வொன்றிலும் கால் இஞ்சு விட்டால் ஒரு இஞ்சு கிடைக்கும். மீதிக் கால் தையலுக்கு வேண்டும், அதைத் தொட்டால் பட்டு பிரிந்துவிடும். கப்பை எடுத்தால் அரை. சுற்றளவு சரியாக 36 வந்துவிடும். ஆனால் இறுக்கம் இருந்தது கக்கத்தில். மாலை மாற்றக் கை தூக்கும்போது கிழிவதும் அங்கேதான். அதற்குத் துண்டு வைக்காமல் தீராது.

"வெட்டினது போக மிச்சத் துணி தந்தாங்களா?"

"ஒண்ணும் தரல," என்றாள் அம்மா.

"சேலை உள்தலைப்புல ஒரு சாண் எடுத்தா…"

"கூறைச் சேலையில கத்திரி வைக்கதா?" அத்தை எழுந்தே விட்டாள்.

கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் வெட்டுத்துணி மூட்டையில் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வீடியோக்காரன் விளக்குக்கு முன்னால் கை தூக்கினால் இரண்டும் ஒட்டுப் போட்டது போலத் தெரியும். கண் குஞ்சத்தின் மேல் போனது. அதை விரலால் அமுக்கிப் பார்த்தாள். வட்டமாக வெட்டி, ஓரத்தைச் சுருக்கி, பஞ்சு அடைத்தது. அதே பட்டு.

"மதினி, இந்தக் குஞ்சத்தைப் பிரிக்கணும்."

அத்தை மகாவைப் பார்த்தாள். மகா சண்முகத்தாயைப் பார்த்து, "பிரிங்கக்கா," என்றாள். அன்று இரவு அவள் சொன்ன முதல் சொல் அது.

அவர்களை அனுப்பிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். பட்டில் தையல் பிரிக்க அவசரம் ஆகாது. வெளியிலிருந்து இழுத்தால் இழை சேர்ந்து வரும். லைனிங் பக்கத்திலிருந்து நாலு தையலுக்கு ஒன்றைப் பிளேடு நுனியால் அறுத்துக்கொண்டே போய், மறுபக்கத்து நூலை நுனி பிடித்து உருவினால் முழுசாக வந்துவிடும். இரண்டு பக்கமும் இரண்டு கைகளின் அடித்தையலும் பிரித்து முடிக்கப் பத்தரை ஆயிற்று. கை கூடும் இடத்தில், கக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒரு இஞ்சு மட்டும் திறந்தாள். அங்கேதான் ஆரி வேலை குறுக்கே ஓடியது.

சங்கிலித் தையலை ஓரிடத்தில் அறுத்தால் முனையிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு போகும், மணியெல்லாம் தரையில் கிடக்கும். ஆகையால் அறுக்கும் முன்பே அடிப்பக்கத்தில் ஊசியால் ஒவ்வொரு வரியையும் முடிச்சுப் போட்டு நிறுத்தினாள். ஒன்பது வரி. தையல் ஓடும் பாதையில் இருந்த மணிகளைக் கத்தரிக்கவில்லை. சின்னக் குறடால் நெரித்து உடைத்தாள். நூல் அப்படியே நின்றது, கண்ணாடி மட்டும் தூளாகிப் போனது. கண்ணில் தெறிக்கும் என்பதால் முந்தானையை மேலே போட்டுக்கொண்டுதான் நெரிக்க வேண்டும். ஒரு மணி மிச்சமிருந்தாலும் மிஷின் ஊசி முறியும். குறடு இல்லாதவள் ஆரி ரவிக்கையில் கை வைக்கவே கூடாது.

குஞ்சத்தைப் பிரித்தபோது வட்டம் நாலரை இஞ்சு வந்தது. சுருக்கிய மடிப்பு நட்சத்திரமாகப் பதிந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சொருகிய நேரம் கரண்ட் போயிற்று.

சிலிண்டர் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, அடி தட்டையான பித்தளைச் சொம்பில் ஊற்றி, பட்டின் மேல் ஈர மல்துணி விரித்துத் தேய்த்தாள். மடிப்பு முக்கால்வாசி போனது. மீதி கக்கத்துக்குள் மறைந்துவிடும். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் நாலு இஞ்சு நீளம், இரண்டு இஞ்சு அகலத்தில் டைமண்ட் வடிவத் துண்டு ஒன்று. சுற்றிலும் கால் இஞ்சு தையல் போனால் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை இஞ்சு அகலம் நிற்கும். லைனிங்குக்கு வெள்ளை மல்லில் அதே அளவில் இரண்டு.

மிஷினிலிருந்து மோட்டார் பெல்ட்டைக் கழற்றி, பழைய தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டினாள். பட்டுக்குப் பதினொன்றாம் நம்பர் ஊசி. பதினாலு போட்டால் துளை நிற்கும். நூல்கண்டு பெட்டியில் இருந்த பச்சைகளைச் சார்ஜ் லைட்டில் பார்க்க நம்பிக்கை வரவில்லை. மெழுகுவத்தியும் ஏற்றி, இரண்டு வெளிச்சத்திலும் பார்த்து, துணியைவிட ஒரு படி கறுத்த பச்சையை எடுத்தாள். கறுத்த நூல் துணிக்குள் அமிழ்ந்துவிடும், வெளுத்தது கோடு காட்டும்.

இடப்பக்கம் சொன்னபடி கேட்டது. டைமண்டின் நீள முனைகளில் ஒன்று கைத் தையலுக்குள்ளும் ஒன்று பக்கத் தையலுக்குள்ளும் போக, அகல முனைகள் கை கூடும் இடத்தில் முன்னும் பின்னும் உட்கார்ந்தன. மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி, துணியை அமுக்கும் மிஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்கி மிதிக்க வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது திருப்பினால் மூலையில் சுருக்கம் விழும்.

வலப்பக்கம் பின் மூலையில் பட்டு பிரிந்தது. திருப்புவதற்காகப் போட்ட வெட்டு தையலை ஒட்டி வந்துவிட்டது. ஆரி முடிச்சுகளால் அந்த இடம் ஏற்கனவே நைந்திருந்தது. மூன்று நான்கு இழை கையோடு வந்தன. ஒட்டுக் கேன்வாஸ் வைக்கலாம், ஆனால் அது ஒட்டுகிற சூட்டுக்குச் சொம்பு போதாது. மணி ஒன்றரை. முக்கால் இஞ்சுச் சதுரமாக மல்துணி வெட்டி அடியில் வைத்து, பிரிந்த இழைகளை அதன் மேல் படியவைத்து, காஜாத் தையல் மாதிரி நெருக்கமாகக் கையாலேயே கட்டினாள். அந்த ஒரு மூலைக்கு முக்கால் மணி நேரம். நூலை இறுக்கவில்லை, இறுக்கினால் மூலை குவிந்து மேலே முடிச்சாகத் தெரியும்.

பக்கத் தையலும் கையடித் தையலும் புது வரியில் நேராக ஓடின. பழைய தையல் துளைகள் வரிசையாகப் பல்லிளித்தன. மூன்று மணிக்குக் கரண்ட் வந்ததும் ஆவியில் காட்டி, துளைக்குக் குறுக்கே நகத்தால் மெல்ல நீவினாள். உடலில் மறைந்தன. கையில் மறையவில்லை. துளை தெரிந்த வரியின் மேல் ஜரிகை நூலைப் படுக்கவைத்து, சிறு தையலால் இடையிடையே பிடித்தாள். வேலையின் ஓரக்கோடு என்றுதான் நினைப்பார்கள். கப் இருந்த இடத்தில் லைனிங்கை மூடி, குஞ்சம் போன கயிற்று நுனியில் உடையாத முத்துகளை மும்மூன்றாகக் கோத்து முடிந்தாள்.

நாலேகாலுக்கு வந்தார்கள். மகா தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"கீழ்க் கொக்கியிலேர்ந்து மேல வா. மேலருந்து ஆரம்பிச்சா கீழ இழுக்கும்."

ஆறு கொக்கியும் மாட்டின.

"கையைத் தூக்கு. மாலை போடுத மாதிரி. இன்னும். பின்னால கொண்டு போ. மூச்ச இழு."

மகா இழுத்தாள், விட்டாள், சிரித்தாள். அத்தை கிட்டே வந்து கக்கத்தைப் பார்த்தாள், துண்டு எது என்று தேடினாள். பிறகு முதுகுப் பக்கம் போய், "குஞ்சம் இருந்தா லட்சணமா இருந்திருக்கும்," என்றாள்.

"சடையும் பூவும் வச்சா முதுகே தெரியாது மதினி. வலது கைய மட்டும் சடார்னு தூக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்த மூலை கையால கட்டுனது." ஊசியில் பச்சை நூல் கோத்து, இரண்டு ஊக்கோடு ஒரு காகிதத்தில் குத்தி அம்மா கையில் கொடுத்தாள்.

அம்மா இரண்டாயிரத்தை நீட்டினாள். சண்முகத்தாய் எண்ணூறு எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினாள். "பிள்ள ராத்திரி சாப்பிட்டாளா?"

"பாலு குடிச்சா."

"முப்பத்தாறுக்கு வச்சிருக்கேன். தின்னாலும் கொக்கி தாங்கும். ஏட்டி, போனதும் ரெண்டு இட்லி சாப்பிடு."

"நாலு," என்றாள் மகா, அத்தையைப் பார்த்து.