சப் மீட்டர் கணக்கு: மார்ச்–ஏப்ரல் 2023, தண்டையார்பேட்டை வீடு

குடியிருப்போருக்கு வணக்கம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஈபி ரீடிங் எடுக்கும் அன்றே சப் மீட்டரையும் குறிக்கிறோம். சிவப்புக் கட்டத்து கடைசி எண்ணைச் சேர்ப்பதில்லை.

இந்த முறை மெயின் மீட்டரில் 560 யூனிட். முதல் 100 இலவசம். அடுத்த 300 × 4.50 = ரூ.1,350. 100 × 6 = ரூ.600. 60 × 8 = ரூ.480. மொத்தம் ரூ.2,430.

500-ஐத் தாண்டினால் 101–200க்கான ரூ.2.25 சலுகை போய்விடும். தயவுசெய்து அதற்குள் நிறுத்தப் பார்ப்போம்; 500 யூனிட்டுக்கு ரூ.1,725தான்.

மாடிவீட்டு ரீடிங் 3412-லிருந்து 3622: 210 யூனிட். கீழ்வீடு 150, பின்வீடு 180. கூட்டினால் 540, மீதி 20 தண்ணீர் மோட்டார், எல்லோருக்கும் பொது. எனவே 2,430 ÷ 540 = யூனிட்டுக்கு ரூ.4.50.

கீழ்வீடு ரூ.675, மாடி ரூ.945, பின்வீடு ரூ.810. இலவச யூனிட்டின் பலன் மூவருக்கும் சேர்ந்துவிட்டது; நான் ஒரு ரூபாயும் கூட்டவில்லை. ஈபி ரசீதை வந்து பாருங்கள்.

– வீட்டு உரிமையாளர்