வாருங்கள், கடை திறக்கிறோம்!

காலி வீதியில் கதவொன்று திறக்கிறது,
கடற்காற்று முதலாளாய் உள்ளே நுழைகிறது,
குலைவாழை இருபுறமும் தலைசாய்த்து நிற்கிறது,
வெள்ளவத்தை உங்களை வருகவென அழைக்கிறது!

ஓலைக் குட்டானில் பனங்கட்டி இருக்கிறது,
ஒடியல்மா கூழுக்குக் காத்திருக்கிறது,
புழுக்கொடியல், பினாட்டு, மோர்மிளகாய் எல்லாம்
யாழ்ப்பாண மண்ணிலிருந்து வந்திறங்கியிருக்கிறது.

மல்லியும் செத்தலும் பெருஞ்சீரகமும்
கறிவேப்பிலையோடு பதமாக வறுத்து
இடித்தெடுத்த தூளின் வாசம் வரும், அந்த
வாசமே போதும், கடைக்கு வழிகாட்டும்!

கல்லாப்பெட்டி நாளும் கலகலக்கட்டும்,
கடன்கொப்பி மெலிந்து கணக்கு நிமிரட்டும்,
தராசுத் தட்டு நீதியாய் நிற்கட்டும்,
வாங்கியவர் அயலாரைக் கூட்டி வரட்டும்,
தமிழிலும் சிங்களத்திலும் "நல்ல சாமான்" என்று
தெருவெல்லாம் பேச்சுப் பரவட்டும்!

விடியவிடியக் கண்விழித்து அடுக்கிய தட்டுகள்,
பிள்ளைகள் கையெழுத்தில் விலைச்சீட்டுகள்,
எங்கள் குடும்பத்தின் உழைப்பத்தனையும்
உங்கள் வரவால் செழிக்கட்டும்!

ஆவணி ஞாயிறு, காலை ஒன்பது மணி,
நிறைகுடம் வைத்துப் பால் பொங்க வைக்கிறோம்.
100 பஸ், 101 பஸ், எதில் வந்தாலும்
வெள்ளவத்தைச் சந்தையருகே இறங்குங்கள்.
பெரியோர் வாழ்த்துங்கள், பிள்ளைகளோடு வாருங்கள்,
முதற் பொட்டலம் உங்கள் கையில்தான் தருவோம்!