எந்தப் படியில் நின்று எழுதினீர்கள்: உள்ளூர் வரலாறு தாளுக்கான ஏஐ பயன்பாட்டு அளவுகோல்

மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவர்களுக்கு. இந்த செமஸ்டர் உள்ளூர் வரலாறு தாளின் இன்டர்னல் 25 மதிப்பெண்ணுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். முழுவதும் படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் வகுப்பிலேயே கேளுங்கள். ஒப்படைத்த பிறகு கேட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு மாணவி கொடுத்த கட்டுரை ரொம்ப நன்றாக இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது, எல்லார் முன்னாலும் "இதை எதில் போட்டு எடுத்தாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் அடுத்த நாள் அடித்தல் திருத்தலோடு நான்கு பிரதிகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். எல்லாம் அவள் கையெழுத்து. மன்னிப்புக் கேட்டேன், ஆனால் கேட்டது கேட்டதுதான். அதே வகுப்பில் வேறு மூன்று பேர் சாட்ஜிபிடி கொடுத்ததை அப்படியே ஒப்படைத்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தார்கள், அது எனக்குத் தெரிந்தபோது செமஸ்டரே முடிந்துவிட்டது. ஊகத்தை வைத்து யாரையும் மதிப்பிடக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நீங்கள் சொல்லுங்கள், நான் நம்புகிறேன்.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எதையும் நான் பயன்படுத்தப் போவதில்லை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் கட்டுரைகளில் பாதிக்கு மேல் "ஏஐ எழுதியது" என்று அந்த வகைக் கருவிகள் தவறாகக் காட்டின. நம் வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதுகிற எல்லாருமே அந்தக் கூட்டத்தில்தான் வருவோம்.

ஒவ்வொரு ஒப்படைப்பின் கடைசிப் பக்கத்திலும் "பயன்பாட்டுக் குறிப்பு" என்று தலைப்பிட்டு, எந்தப் படி, எந்தக் கருவி, எதற்காக என்று எழுத வேண்டும். எதையும் பயன்படுத்தவில்லை என்றால் "படி 0" என்று எழுதுங்கள். குறிப்பே இல்லாத ஒப்படைப்பைத் திருத்தாமல் திருப்பிக் கொடுப்பேன்.

படி 0: எதுவும் இல்லை

களக் குறிப்பேடு முழுக்க இந்தப் படி. கண்மாய்க் கரையில் நின்று பார்த்ததை அங்கேயே கையால் எழுதுவது. அகராதி, நூலகப் புத்தகம், பக்கத்தில் நிற்கும் நண்பன், ஊர்ப் பெரியவர் எல்லாம் சரி. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், குறிப்பேட்டில் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

படி 1: யோசிக்க மட்டும்

என்ன கேள்வி கேட்கலாம், எந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்று கருவியிடம் கேட்பது. அது சொன்ன வாக்கியம் ஒன்றுகூட உங்கள் எழுத்தில் வரக் கூடாது. குறிப்பில் எடுத்ததையும் சொல்லுங்கள், விட்டதையும் சொல்லுங்கள். உதாரணமாக:

"படி 1. மடை திறப்பவரிடம் கேட்கப் பத்துக் கேள்விகள் ஜெமினியிடம் கேட்டேன். மூன்றை எடுத்துக்கொண்டேன். மற்றவை எந்த ஊருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக இருந்ததால் விட்டுவிட்டேன். 'பங்கு நெல் எவ்வளவு' என்ற கேள்வி என்னுடையது."

படி 2: மொழிக்கும் எழுத்துக்கும்

குரலைத் தட்டச்சாக்குவது, மொழிபெயர்ப்பது, பழைய அச்சை கூகுள் லென்ஸில் படிப்பது, பிழை திருத்துவது. "இதெல்லாம் ஏஐயா மேடம்?" என்று போன மாதம் ஒருவர் கேட்டார். ஆமாம். நம் பாடத்தில் பெரிய சேதம் நடப்பதும் இங்கேதான், ஏனென்றால் இதை யாரும் சரிபார்ப்பதில்லை.

ஒரு மாணவர் தன் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்து குரல் தட்டச்சில் போட்டு, அப்புறம் ஆங்கிலத்துக்கு மாற்றினார். பாட்டி சொன்னது "மடை திறந்தா", திரையில் வந்தது "மழை திறந்தா". அதைவிடப் பெரியது, பாட்டி தன் பாட்டியிடம் கேட்டதாகச் சொன்ன "தாது வருஷப் பஞ்சம்" ஆங்கிலத்தில் கனிமப் பஞ்சம் என்று ஆகிவிட்டது. தாது என்பது அறுபது வருடச் சுற்றில் வரும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். 1876–78 பெரும் பஞ்சத்தைத்தான் நம் ஊர்களில் அப்படிச் சொல்வார்கள். அந்த ஒரு சொல் போனால் பாட்டியின் நினைவுக்கும் சென்னை மாகாண வரலாற்றுக்கும் இருந்த கயிறு அறுந்துவிடும். அந்த மாணவர் "படி 2" என்று எழுதி, மொழிபெயர்ப்புக்கு முந்தைய தமிழையும் இணைத்திருந்ததால்தான் என்னால் தவறைப் பார்க்க முடிந்தது. சேர்ந்து உட்கார்ந்து திருத்தினோம், அவர் முழு மதிப்பெண் வாங்கினார்.

அதனால் படி 2க்கு ஒரு கட்டாயம்: கருவிக்குப் போன மூலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். குரல் பதிவு என்றால் ஐந்து நிமிடப் பகுதியை நீங்களே காதால் கேட்டுக் கையால் எழுதி, கருவி எழுதியதற்குப் பக்கத்தில் வையுங்கள்.

இன்னொன்று, இது எல்லாப் படிக்கும் சேர்த்து. பேட்டி கொடுத்தவரின் பெயர், பட்டா எண், குடும்பத் தகராறு, சாதி பற்றி அவர் நம்பிச் சொன்னது எதையும் எந்தக் கருவியிலும் ஏற்றாதீர்கள். குரல் பதிவை ஏற்றுவதென்றால் முதலில் அவரிடம் புரியும்படி சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். "உங்க பேச்சை ஒரு கம்பெனியோட கம்ப்யூட்டருக்கு அனுப்பறேன், சரியா பாட்டி?" என்று கேட்டால் போதும், அவர்களுக்குப் புரியும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படி 3: நீங்கள் எழுதி, கருவி திருத்துவது

முழு வரைவும் முதலில் உங்களுடையது. பிறகு வாக்கியத்தைச் செப்பனிட, பத்தியை முன்பின் மாற்ற, சுருக்கக் கருவியைக் கேட்கலாம். திருத்தத்துக்கு முந்தைய வரைவும் பிந்தைய வரைவும் இரண்டும் வேண்டும். கருவி மாற்றியதில் குறைந்தது இரண்டு இடத்தில் "இதை நான் ஏற்கவில்லை, காரணம் இது" என்று குறிப்பில் எழுதுங்கள். வட்டாரச் சொல்லை அது "சரி" செய்கிற இடத்தைக் கவனியுங்கள். கண்மாயை ஏரி என்றும், குடிமராமத்தைத் தன்னார்வப் பணி என்றும் மாற்றிவிடும். ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கரையையும் வரத்துக்காலையும் பார்த்துக்கொள்ளும் கடமையைத் தன்னார்வம் என்று எழுதினால் பொருளே மாறிப்போகிறது.

படி 4: ஒரு பகுதி கருவியுடையது

கண்மாய்க் கட்டுரையின் பின்னணிப் பகுதிக்கு மட்டும், ஒரு பக்கத்துக்கு மிகாமல். கருவி எழுதிய வரிகள் எல்லாம் நீல நிறத்தில் இருக்க வேண்டும். நீலத்தில் உள்ள ஒவ்வொரு பெயர், ஆண்டு, எண்ணுக்கும் நீங்கள் நேரில் திறந்து பார்த்த ஒரு நூலின் பக்க எண்ணை ஓரத்தில் எழுதுங்கள். கருவி தானாகக் கொடுக்கும் மேற்கோள் பட்டியல் செல்லாது. 2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

படி 5: முழுவதும் கருவி, அதன் மேல் உங்கள் பரிசீலனை

கடைசி ஒப்படைப்பு இது, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். உத்திரமேரூர் குடவோலை முறை பற்றி 800 சொல் கட்டுரையைக் கருவியை வைத்தே எழுத வையுங்கள். ஒரு வரிகூட நீங்கள் திருத்தக் கூடாது. கேட்ட கேள்விகளையும் வந்த பதிலையும் அப்படியே அச்சடித்து இணையுங்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் அதோடு நீங்கள் கையால் எழுதும் நான்கு பக்கப் பரிசீலனைக்கு.

அதில் நான் தேடுவது இது. கட்டுரையிலிருந்து ஐந்து செய்திகளை எடுத்து, கல்வெட்டுப் பாடத்தின் மொழிபெயர்ப்போடு ஒப்பிட வேண்டும், துறை நூலகத்தில் இருக்கிறது. வகுப்பில் நாங்கள் முயன்று பார்த்தபோது ஒரு கருவி இதை ராஜராஜன் காலம் என்றது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 என்று இரண்டு. இரண்டாவது ஏன் தேவைப்பட்டது, முதலாவதில் எது மாறியது என்பதுதான் வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. கருவி பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, 35 முதல் 70 வயது, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று ஒரே பட்டியலாகப் போட்டு "உலகின் முதல் ஜனநாயகம்" என்று முடித்துவிடும். நிலமில்லாதவரும் பெண்களும் அந்தக் குடத்தில் ஓலை போடப்பட்டவர்களா என்று கேட்காது. நீங்கள் கேளுங்கள். எந்த வரி உங்களையே நம்ப வைத்தது, ஏன் நம்பினீர்கள், எதைப் பார்த்த பிறகு மனம் மாறியது, கருவி உங்களைவிட நன்றாகச் சொன்ன இடம் எது என்றும் எழுதுங்கள். அப்படி ஒரு இடம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், நானும் படித்துத் தெரிந்துகொள்வேன்.

எதற்கு எந்தப் படி வரை

களக் குறிப்பேடு (5 மதிப்பெண்) படி 0. நேர்காணல் பதிவு (5) படி 2 வரை. கண்மாய்க் கட்டுரை (10) படி 3 வரை, பின்னணிப் பகுதி மட்டும் படி 4. உத்திரமேரூர் (5) படி 5. முதல் மூன்றில் சொன்ன படிக்குக் கீழே நிற்க யாருக்கும் அனுமதி தேவையில்லை, அதற்காக மதிப்பெண் கூடவும் கூடாது. படி 5க்கு போனோ டேட்டாவோ இல்லாதவர்கள் துறைக் கணினியில் செய்யலாம், மதிய இடைவேளையில் நான் அங்கே இருப்பேன்.

சொன்ன படியைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் குறிப்பில் உண்மையை எழுதியிருக்கிறீர்கள் என்றால் தண்டனை இல்லை. ஒரு வாரத்தில் சரியான படியில் மறுபடி எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறீர்கள், வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருக்கிறார்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கருவியைத் திறக்கும் நிலைமை எனக்குப் புரியாததல்ல. மறைத்தால்தான் பிரச்சினை. அப்போதும் முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், உங்கள் வரைவுகளைக் கேட்பேன், கட்டுரையிலிருந்து இரண்டு கேள்வி கேட்பேன். மறைத்தது உறுதியானால் அந்த ஒப்படைப்புக்கு 0, மறுவாய்ப்பு கிடையாது. முடிவில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால் துறைத் தலைவரிடம் போகலாம், என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

என் பக்கத்துக் குறிப்பையும் எழுதிவிடுகிறேன். இந்த அறிக்கை: படி 2, எழுத்துப் பிழை பார்க்க மட்டும் கருவி. உங்கள் ஒப்படைப்புகளை நானே படித்து, நானே கையால் மதிப்பெண் போடுவேன்.

களக் குறிப்பேடு ஆகஸ்ட் 14க்குள் வர வேண்டும். கண்மாய்க்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.