கிளினிக்கில் போன் எடுப்பவர்களுக்கு: நெஞ்சு நோ, மூச்சுத்திணறல் என்று அழைப்பு வந்தால்

டோக்கன், டொக்டர் வரும் நேரம் எதையும் பேச வேண்டாம். லைனில் காத்திருக்கவும் வைக்காதீர்கள்.

"ஐயா, போனை வைக்காதீங்க. எங்க இருக்கிறீங்க? உங்கட நம்பர் என்ன? இப்பவும் நோகுதா? கை, தாடை, முதுகுக்குப் பரவுதா? வேர்க்குதா? கதைக்க மூச்சு முட்டுதா?"

இப்போது நோவோ திணறலோ இருந்தாலே போதும், மற்றக் கேள்விகளுக்காக நிற்க வேண்டாம். வாய்வுதான் என்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதான அம்மாமாருக்கும் மாரடைப்பு பெரிய நோவில்லாமலும் வரும். ஆகவே வாய்வு என்று நீங்களும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"இங்க வர வேண்டாம் ஐயா. உடனே 1990க்கு எடுங்க, அம்புலன்ஸ் இலவசம். பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். மோட்டார்சைக்கிள் ஓடாதீங்க. சாய்ஞ்சு இருங்க, வாசல் கதவைத் திறந்து வையுங்க. கிளினிக் கொப்பியும் குளிசைகளும் கையில இருக்கட்டும்."

நோயாளி தனியாக இருந்தால் மற்றப் போனில் நீங்களே 1990க்கு எடுங்கள். நினைவில்லை, சரியாக மூச்சுமில்லை என்றால், பக்கத்தில் நிற்பவரை நெஞ்சின் நடுவில் பலமாக, வேகமாக அழுத்தச் சொல்லுங்கள். எந்தக் குளிசையும் நீங்களாகச் சொல்லக் கூடாது. உடனே டொக்டருக்கு அறிவியுங்கள்.

உப்புவெளி ஐயாவின் மகளுக்கு அனுப்பும் செய்தி:

"வணக்கம் தங்கச்சி. அப்பாவுக்கு நெஞ்சு நோ என்று காலை 9.40க்கு எடுத்தீங்க. 1990க்கு எடுக்கச் சொன்னோம். நோ குறைஞ்சாலும் அம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீங்க. அவர் நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறார் என்று அங்க சொல்லுங்க. பத்து நிமிசத்தில திரும்ப எடுக்கிறோம், போனைப் பக்கத்தில வையுங்க."