முதல் பே ஸ்லிப்: ஓசூர் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உங்களை இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை. கடன் பற்றிப் பேசும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுங்கள். நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவன், அதில் பாதி கடன் பிரிவில். இன்றைக்கு எதையும் விற்க வரவில்லை.

உங்கள் ஹெச்.ஆர். அலுவலகத்தில் பெயரை மறைத்து ஒரு பே ஸ்லிப் கொடுத்தார்கள். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதே கணக்குதான். அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப் படி 4,000. மொத்தம் 19,000. பிடித்தம்: பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 143, கேன்டீன் 450. கைக்கு வந்தது 16,607.

இதைப் பார்த்ததும் "இவ்வளவு பிடிக்கிறார்களே சார்" என்று யாரோ கேட்பார்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்த 1,800 உங்கள் பணம். கம்பெனியும் தன் பங்காக 1,800 போடுகிறது. அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், மீதி 550 உங்கள் பி.எஃப். கணக்கில் சேரும். ஆக, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மாதம் 2,350 ரூபாய் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024-25க்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். பெரும்பாலான வங்கி டெபாசிட்டில் இது கிடைக்காது.

நான் பார்த்தவரை நடப்பது என்ன? ஒன்றரை வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு கம்பெனிக்கு மாறுவீர்கள். மாறும்போது பி.எஃப். பணத்தை எடுப்பீர்கள். அது போனாக மாறும். மாற்றல் போட்டால் போதும், யூ.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண் ஒன்றுதான், கூடவே வரும். எடுத்துவிட்டால் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பம்.

பி.எஃப். தவிர, கையில் உடனே எடுக்கிற மாதிரியும் கொஞ்சம் வேண்டும். ரூம் வாடகைப் பங்கு, மெஸ், பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போனால் மாதக் கடைசியில் மிச்சம் இருக்காது என்று எனக்கும் தெரியும். அதனால் மாதக் கடைசிக்குக் காத்திருக்காதீர்கள். சம்பளம் ஒன்றாம் தேதி என்றால் இரண்டாம் தேதி 1,000 ரூபாய் தானாக ஆர்.டி.க்குப் போகிற மாதிரி வங்கியில் எழுதிக் கொடுங்கள். மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும் வரை அதைத் தொடாதீர்கள். தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு கட்டுகிறவர்கள் அது பதிவு செய்த சீட்டுதானா என்று மட்டும் பாருங்கள். "தெரிந்த அக்கா நடத்துறாங்க சார்" என்பது பதிவு ஆகாது.

அடுத்தது 143 ரூபாய். இதுதான் இந்தக் காகிதத்திலேயே மலிவான பிடித்தம். இதற்கு உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை. தகுதி வந்த பிறகு உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால், வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். இ.எஸ்.ஐ. அட்டையை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைக்காமல் அதில் அப்பா அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சங்கதி. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் கொஞ்ச மாதத்தில் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். இன்க்ரிமென்ட் வந்த சந்தோஷத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. அன்றைக்கே சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். கம்பெனி கொடுக்கும் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும்.

இனி சித்தப்பா கதை. உங்களுக்கு வேலை கிடைத்த செய்தி ஊரில் பரவியதும் சொந்தத்தில் ஒருவர் ஃபாரத்தோடு வருவார். "மாசம் ரெண்டாயிரம் கட்டு, இருபது வருஷத்தில் மொத்தமா வரும், இன்சூரன்ஸும் ஆச்சு, சேமிப்பும் ஆச்சு" என்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் இரண்டையும் ஒரே பானையில் சமைத்தால் இரண்டும் வேகாது: காப்பீட்டுத் தொகையும் சின்னது, வருமானமும் சின்னது. முதல் வருஷத்திலேயே நிறுத்தினால் கட்டியது பெரும்பாலும் போச்சு. வீடு உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால், சேமிப்பு கலக்காமல் உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் டேர்ம் பாலிசி பாருங்கள். அதுவரைக்கும் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகவே சேர இரண்டு திட்டம் இருக்கிறது: வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. இருபது ரூபாய்! வெளியே ஒரு டீயும் வடையும். சித்தப்பாவிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம் சித்தப்பா" என்று சொல்லிப் பழகுங்கள். உறவு முறியாது.

இப்போது தூங்குகிறவர்களை எழுப்புங்கள்.

கடன் இந்த பே ஸ்லிப்பில் இல்லை. அது ஐந்தாம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து போகும். பைக் ஷோரூமில் சொல்வார்கள்: "ஒரு லட்சம் லோன், 12 பர்சென்ட்தான், மூணு வருஷம்." ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஃப்ளாட் வட்டியா, குறையும் பாக்கிக்கு வட்டியா? ஃப்ளாட் என்றால் 36 மாதமும் முழு லட்சத்துக்கும் வட்டி. மாதத் தவணை 3,778, மொத்த வட்டி 36,000. நீங்கள் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு லட்சத்துக்கு வட்டி ஓடும். அதே 12 சதவீதம் குறையும் பாக்கிக்கு என்றால் தவணை 3,321, வட்டி சுமார் 19,600. ஒரே சதவீதம், 16,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்த ஃப்ளாட் 12, உண்மையில் 21 சதவீதத்துக்குச் சமம். கடன் கொடுப்பவர் தரவேண்டிய முக்கிய விவரத் தாளில் எல்லாச் செலவும் சேர்த்த வருடாந்திர விகிதம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 16,607 ரூபாயில் 3,778 என்றால் சம்பளத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோல் தனி.

போனில் வரும் லோன் ஆப் பக்கமே போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். 5,000 கேட்டால் 3,500 வரும், ஏழாம் நாள் 5,000 கேட்பார்கள். கட்டாவிட்டால் உங்கள் போனில் இருக்கும் நம்பருக்கெல்லாம் அழைப்பு போகும், அத்தைக்கும் போகும். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்னொரு ஆப்பில் வாங்கி அடைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக ஜாமீன். இது என் தலையிலேயே விழுந்த கதை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்டா" என்றான். அவன் வேலையை விட்டுப் போனான். 11 மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த எனக்கே இது! சட்டப்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு. நண்பனுக்கு உதவ வேண்டுமா, கையில் இருப்பதில் முடிந்ததைக் கொடுங்கள். அந்தத் தொகையோடு போகட்டும். (அவன் பின்னாளில் என் மகள் கல்யாணத்துக்கு வந்தான். மொய்க் கவரில் 501 ரூபாய்.)

சரி, இப்போது போனை எடுங்கள். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் யூ.ஏ.என். போட்டு உள்ளே போய், நாமினி என்ற இடத்தைப் பாருங்கள். பணியில் இருக்கும்போது உயிர் போனால் பி.எஃப். சார்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு வரும். நாமினி காலியாக இருந்தால் அம்மா அலையோ அலையென்று அலைவார். ஓ.டி.பி. வராதவர்கள் கை தூக்குங்கள், ஹெச்.ஆர். தம்பி வருவார். நான் ஐந்து மணி வரை கேன்டீனில் இருப்பேன். பைக் லோன் பேப்பர் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிக்கலாம்.