வட்டாட்சியர் அம்மாவுக்கு வரவேற்பு

பெரியவங்களே, அம்மாமார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், பாய் விரித்திருக்கிறோம். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நம் கடலூர்க்காரர்கள் வானத்தைப் பார்க்காமல் தூங்குவதில்லை. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் மழை தொடங்கும் முன்பே இந்தப் பேரிடர் விழிப்புணர்வு முகாமை வைத்திருக்கிறோம். அதற்கு நம் வட்டாட்சியர் அம்மா அவர்களே நேரில் வந்திருக்கிறார்கள்.

அம்மா நமக்குப் புதியவர் இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்ததே, அப்போது அவர்கள் துணை வட்டாட்சியர். ராத்திரி டிராக்டரில் ஏறி நம் தெருவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஓரம் நனைந்த ஒரு நோட்டில் வீடு வீடாகப் பேர் எழுதினார்கள். எத்தனை பேர் என்று கேட்டதோடு விடவில்லை. "சர்க்கரை மாத்திரை போடுறவங்க யாரு? மாசமா இருக்கிறவங்க யாரு? வீட்டை விட்டு வரமாட்டேன்னு யாராவது உள்ளேயே இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வியால்தான் கடைசி வீட்டுப் பாட்டியை நம் பிள்ளைகள் தூக்கிவந்தார்கள். பாட்டி இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள், கையை உயர்த்துங்கள் ஆயா!

நம் மகளிர் குழுவில் இன்றைக்கும் நாங்கள் அந்த நோட்டைப் பற்றிப் பேசிக்கொள்வோம். ஓர் அதிகாரி நம்மிடம் எதைக் கேட்கிறார் என்பதில்தான் அவர் அக்கறை தெரியும் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அம்மா இன்றைக்கு மூன்று விஷயம் சொல்லப்போகிறார்கள்: எந்த எச்சரிக்கை வந்தால் உடனே கிளம்ப வேண்டும், மாடு கன்றுகளை எங்கே கட்டலாம், பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் இதையெல்லாம் எப்படிப் பத்திரப்படுத்துவது. 1077 என்ற எண்ணையும் சொல்வார்கள். அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண், இலவசம். வீட்டுச் சுவரில் கரியால் எழுதினாலும் சரி, எழுதி வையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அம்மா பேசி முடித்ததும் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். போன மழையில் எந்த வாய்க்கால் அடைத்தது, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஐயாவும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள இருக்கிறார்.

அம்மா, எங்கள் ஊர் சார்பில் உங்களை வணங்கி வரவேற்கிறோம். மைக்கைப் பிடியுங்கள் அம்மா.