தீர்க்கக்கோடு கணக்கு: தம்பிக்கு, டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி

தம்பி, நீ அனுப்பின நாலு போட்டோவும் பாத்தேன்டா, பெருக்கல் எல்லாம் சரியாதான் போட்டிருக்க, ஆனா படத்த பாக்குற எடத்துலதான் வழுக்குது. நம்ம சர்வீஸ் கமிஷன் கேள்வில ஃபார்முலா தெரியாம மார்க் போறவங்கள விட படத்துல கிழக்கு எந்தப் பக்கம்னு குழம்பி மார்க் விடுறவங்கதான் ஜாஸ்தின்னு எனக்கு தோணும். அதனால ஃபார்முலாவ ஒரே வரில முடிச்சிடுறேன். பூமி 24 மணி நேரத்துல 360° சுத்துது, அப்போ ஒரு மணிக்கு 15°, ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். கிழக்கால போனா கூட்டு, மேற்கால போனா கழி. அவ்ளோதான். இனிமே படம்.

மொத போட்டோ. உருண்டை வரைஞ்சி நடுவுல 0° கோடு, ரெண்டு பக்கமும் 15°க்கு ஒரு கோடு. ஏ-ங்கற புள்ளி 0°க்கு இடது பக்கம் மூணாவது கோட்டுல, பி வலது பக்கம் நாலாவது கோட்டுல. ஏ-ல திங்கக்கிழமை ராத்திரி 9 மணி, பி-ல என்ன? நீ 8 மணி நேரம்னு போட்டிருக்க. ஏ நிக்கிற கோட்டையும் சேத்து எண்ணிட்ட, அதான் எட்டு வந்துச்சி. எண்ண வேண்டியது கோட்ட இல்லடா, ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்குற இடைவெளிய. பஸ்ல நாம ஏறுன ஸ்டாப்ப எண்ண மாட்டோம்ல, அதே மாதிரி. ஏ 45° மேற்கு, பி 60° கிழக்கு, 0°க்கு அந்தப்பக்கம் ஒண்ணு இந்தப்பக்கம் ஒண்ணு இருக்குறதால கூட்டணும், 105°. அத 15ஆல வகுத்தா 7 மணி நேரம். பி கிழக்க இருக்கு, அதனால கூட்டு, ராத்திரி 9 கூட 7, செவ்வாய்க்கிழமை விடியக்காலை 4 மணி. கிழமைய கண்டிப்பா எழுது, ஆப்ஷன்ல "திங்கள் அதிகாலை 4"ன்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க, அவசரத்துல அதுலதான் கை போவும்.

ரெண்டாவது போட்டோதான் முக்கியம், இத ரெண்டு தடவ படி. வட்டம் வரைஞ்சி நடுப்புள்ளிலேர்ந்து சைக்கிள் வீல் கம்பி மாதிரி 12 கோடு, ஒண்ணுக்கு 30°. நடுப்புள்ளி வட துருவம், அதாவது நீ பூமிக்கு மேல நின்னு குனிஞ்சி பாக்குற. இப்படி பாத்தா பூமி கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுத்தும், அந்த எதிர்ப்பக்கம்தான் கிழக்கு. நடுவுல தென் துருவம்னு போட்டிருந்தா அப்படியே மாறிடும், கடிகாரம் சுத்துற பக்கமே கிழக்கு ஆயிடும். கேள்வி வந்த உடனே பேனாவால ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு "கி"ன்னு எழுதிட்டு அப்புறம் மத்தத பாரு.

உன் படத்துல 0° கோடு கீழ இருக்கு, மேல் பாதி கருப்பா அடிச்சிருக்கு, கீழ் பாதி வெள்ளை. வெள்ளைதான் பகல். பகல் பாதிக்கு நட்ட நடுவுல எந்தக் கோடு இருக்கோ அங்க மத்தியானம் 12 மணி. நேரம் குடுக்கவே இல்லயேன்னு நீ கேட்டிருந்தல்ல, குடுத்திருக்காங்கடா, எழுத்துல இல்லாம நிழலா குடுத்திருக்காங்க. அப்போ 0°ல 12 மணி. அங்கேர்ந்து வலது பக்கமா மேல ஏறி மூணாவது கோடு 90° கிழக்கு, அங்க சாயந்திரம் 6 மணி. இடது பக்கம் ரெண்டாவது கோடு 60° மேற்கு, அங்க காலை 8 மணி.

இதே படத்துல கடலூர் எங்க இருக்கும்னு பாரு. 90° கோட்டுக்கு கொஞ்சம் கீழ, 79°45'னு வெச்சிக்க. 79.75ஐ நாலால பெருக்கு, 319 நிமிஷம், 5 மணி 19 நிமிஷம். அப்போ 0° கோட்டுல இருக்குற கிரீன்விச்சுல பகல் 12ன்னா கடலூர்ல தல நேரம், அதாவது அந்த எடத்து சூரியன் காட்டுற நேரம், சாயந்திரம் 5:19. ஆனா அந்த நேரத்துல நம்ம திருப்பாதிரிப்புலியூர் வீட்டு கடிகாரம் 5:30 காட்டும். இந்த 11 நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சி? இந்தியா முழுசுக்கும் 82°30' கிழக்கு கோட்டோட நேரம்தான், அதத்தான் திட்ட நேரம்னு சொல்றாங்க, அந்தக் கோடு உத்தரப்பிரதேசத்துல மிர்சாபூர் வழியா போவுது, நாம அதுக்கு 2°45' மேற்க இருக்கோம், நாலால பெருக்கினா 11 நிமிஷம். டிசம்பர் 25 வாக்குல மொட்டமாடில ஒரு குச்சிய நேரா நட்டு நிழல பாரு, நிழல் ரொம்ப குட்டையா ஆவுறது 12 மணிக்கு இருக்காது, 12:11 சுமாருக்குதான் இருக்கும். எனக்கு இந்தக் கணக்கு மனசுல ஒக்காந்ததே அப்படித்தான், புக்க பாத்து இல்ல.

அதனால கேள்வில "தல நேரம்"னு இருக்கா "திட்ட நேரம்"னு இருக்கான்னு பாத்துட்டு போடு. பாரிஸ் சித்திக்கு போன் பண்றப்ப தெரியும்ல, பாரிஸ் ரெண்டே சொச்சம் டிகிரி கிழக்குல இருக்கு, தல நேரப்படி கிரீன்விச்ச விட பத்து நிமிஷம்கூட ஜாஸ்தி இல்ல, ஆனா அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, வெயில் காலத்துல ரெண்டு மணி. அதான் குளிர் காலத்துல நமக்கும் சித்திக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடை வந்தா மூணரை. முத்தியால்பேட்டைல எங்க தெருவுல பாதி வீட்டுக்கு இந்தக் கணக்கு தூக்கத்துலயும் தெரியும்.

மூணாவது, 180° நடுவுல வெச்ச படம். இடது பக்கம் ஒரு கோடு தள்ளி எக்ஸ், அதாவது 165° கிழக்கு, வலது பக்கம் ரெண்டு கோடு தள்ளி ஒய், 150° மேற்கு. எக்ஸ்ல திங்க மத்தியானம் 2 மணி. குறுக்கு வழி: நடுவுல மூணு இடைவெளி, 45°, 3 மணி நேரம். கிழக்கால போறோம், கூட்டினா சாயந்திரம் 5. 180°ய ஒட்டி போற தேதிக் கோட்ட கிழக்கு நோக்கி தாண்டினதால ஒரு நாள் குறைக்கணும், ஞாயிறு சாயந்திரம் 5. சந்தேகமா இருந்தா நீட்டு வழில 0° சுத்தி வா: 165 கூட 150, 315°, 21 மணி நேரம், ஒய் மேற்க இருக்குறதால கழி, திங்க மத்தியானம் 2லேர்ந்து 21 போனா ஞாயிறு சாயந்திரம் 5. ரெண்டும் ஒண்ணா வந்தா கண்ண மூடிட்டு டிக் அடி.

நாலாவது நீ போட்டது சரி. கப்பல்ல சூரியன் உச்சில 12 மணி, கிரீன்விச் கடிகாரத்துல காலை 6:40, வித்தியாசம் 320 நிமிஷம், நாலால வகுத்தா 80°, கப்பல் மணி முன்னாடி இருக்குறதால கிழக்கு. கடலூர் ஓல்ட் டவுன் துறைமுகத்துலேர்ந்து நேர் கிழக்கால போனா ஏறக்குறைய இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல அந்தக் கோடு வந்துரும், அப்பா அந்தப் பக்கம் எத்தன தடவ போட்ல போயிருப்பாரு.

இப்ப இத நீயே போடு. வட துருவப் படம், 30°க்கு ஒரு கோடு, 0° கீழ. அங்கேர்ந்து கடிகாரம் சுத்துற பக்கமா நாலாவது கோட்டுல ஆர். ஆர்-ல சனிக்கிழமை ராத்திரி 11 மணி தல நேரம். கடலூர்ல தல நேரம் என்ன, கிழமை என்ன, அப்போ நம்ம வீட்டு கடிகாரம் என்ன காட்டும்? மொதல்ல அம்புக்குறி போடு, அந்தப் படத்தோட சேத்து போட்டோ எடுத்து அனுப்பு, நான் பத்தரை வரைக்கும் முழிச்சிருப்பேன், அதுக்கப்புறம் அனுப்பினா காலைல பஸ்ல பாத்து சொல்றேன்.